தாய்லாந்துச் சான்றிதழில் ஆண்டு 2567, சில இடத்தில் வெறும் 67: மொழிபெயர்ப்பில் எப்படி மாற்றுவது?

பாங்காக் புதுமுகம்

வணக்கம். பாங்காக் வந்து இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. போன மார்ச்சில் மகள் இங்கேதான் பிறந்தாள். இந்தியத் தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதிய வேண்டும், அதற்கு தாய்லாந்துப் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். வந்த தாளில் பிறந்த தேதி 12 மார்ச் 2024 என்று சரியாக இருக்கிறது. சான்றிதழ் கொடுத்த தேதியைப் பார்த்தால் 18 ஜனவரி 1967! மூலத்தில் அந்த இடத்தில் ஆண்டு 67 என்று இரண்டு இலக்கம்தான்.

இங்கே எழுதுவது புத்த ஆண்டு, நம் வழக்கமான ஆண்டாக்க 543 கழிக்க வேண்டும் என்பது தெரியும். 67-இல் எதைக் கழிப்பது? போதாததற்கு, ஏப்ரலுக்கு முந்தைய மாதம் என்றால் 542 என்று பக்கத்து வீட்டுக்காரர் குழப்புகிறார். யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன்.

பட்டாயா பாலா

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதான் தம்பி. இவர்களுக்கு வருடப் பிறப்பு சோங்க்ரான், நம் சித்திரை மாதிரி ஏப்ரல் 13. ஜனவரி முதல் மார்ச் வரை பழைய வருடம்தான் ஓடும். அதனால் அந்த மூன்று மாதத்துக்கு 542.

விசா ரவி

எதற்கு இந்தக் கழித்தல் எல்லாம்? என் பாஸ்போர்ட்டில் குடிநுழைவு முத்திரை 2024 என்றே இருக்கிறது. அப்படியே எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பு மீனா

ரவி, அவர் கேட்பது முத்திரையைப் பற்றி இல்லை, பிறப்புச் சான்றிதழைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

பாலா அண்ணா, இப்போது நடப்பது 2024 அக்டோபர். நீங்கள் சொன்னபடி 2567-இல் 542 கழித்தால் 2025 மார்ச் வரும். குழந்தை இனிமேல்தான் பிறக்க வேண்டும்! சோங்க்ரான் பண்டிகை ஏப்ரலில்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சர்க்கார் ஆண்டு 1941-இலிருந்து ஜனவரி 1-ஆம் தேதியே மாறுகிறது. அதற்குப் பிறகு வந்த எந்தத் தேதியாக இருந்தாலும், எந்த மாதமாக இருந்தாலும், 543 மட்டும்தான்.

இப்போது அந்த 67. இரண்டு இலக்கத்தைப் பார்த்ததும் கணக்குப் போடாதீர்கள். முதலில் முன்னால் 25 போட்டு முழு ஆண்டாக்குங்கள், அப்புறம் கழியுங்கள். 67 என்றால் 2567, அது 2024. 30 என்றால் 2530, அது 1987. 2500 என்பது 1957. ஆகவே அதற்குப் பின் எழுதிய தாளின் தேதிக்கு 25 போட்டால் சரி. அதற்கு முன்னால் பிறந்த தாத்தா பாட்டிகளின் பிறந்த ஆண்டாக இருந்தால் 24 போட வேண்டும். உங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் தாள் முழுவதற்கும் 543 கழித்துவிட்டு, இந்த ஓர் இடத்தில் மட்டும் 67-ஐப் பார்த்ததும் 19 போட்டுவிட்டார். பிறந்தது 2024-இல், சான்றிதழ் வாங்கியது 1967-இல் என்று ஒரு தாள் சேங் வத்தனாவில் இருக்கும் தூதரக விவகாரத் துறைக்குப் போனால் சான்றுமுத்திரை கிடைக்காது, திருத்திக்கொண்டு வரச் சொல்வார்கள்.

ஜனவரியும் தப்பு என்றே நினைக்கிறேன். தாய்லாந்து எழுத்தில் ஜனவரியின் சுருக்கம் `ม.ค.`, மார்ச்சின் சுருக்கம் `มี.ค.`. முதல் எழுத்தின் தலைமேல் ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான் வித்தியாசம். நகல் மங்கலாக இருந்தால் குறி போய்விடும், மார்ச் ஜனவரியாகிவிடும். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இதே தொல்லை உண்டு: `เม.ย.`, `มิ.ย.`. மூலத்தை நல்ல வெளிச்சத்தில் வைத்து அந்தக் குறியைத் தேடுங்கள். குறி தெரியாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. குழந்தை பிறந்தது மார்ச் 12, பதிவுக்கு 15 நாள்தான் அவகாசம். 18 மார்ச் என்றால் பொருந்துகிறது. 18 ஜனவரி என்றால் பிறப்பதற்கு முன்பே சான்றிதழ்.

பிறந்த தேதியை இன்னும் உறுதி செய்ய சான்றிதழிலேயே கிழமை இருக்கும், பாருங்கள். 12 மார்ச் 2024 செவ்வாய்க்கிழமை. மூலத்தில் `อังคาร` என்று இருந்தால் செவ்வாய், கதை முடிந்தது. 12 ஜனவரியாக இருந்திருந்தால் வெள்ளி. நான் எந்தப் பிறப்புச் சான்றை எடுத்தாலும் முதலில் கிழமையைத்தான் பார்ப்பேன். மாதத்திலோ ஆண்டிலோ தப்பு இருந்தால் பெரும்பாலும் கிழமை இடிக்கும். பக்கத்திலேயே விலங்கின் பெயரில் ஓர் ஆண்டும் போட்டிருப்பார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களுக்கு அந்த விலங்கு ஒன்று முன்பின் ஆகும், அதை நம்பி எதையும் திருத்தாதீர்கள்.

ரவி சொன்னதற்கு வருகிறேன். சில தாள்களில் இரண்டு கணக்கும் கலந்தே வரும். தாய்லாந்து அடையாள அட்டையில் பிறந்த தேதி உள்ளூர் எழுத்தில் புத்த ஆண்டிலும், அடுத்த வரியில் ஆங்கிலத்தில் நம் வழக்கமான ஆண்டிலும் இருக்கும். ஆண்டுக்கு முன்னால் `พ.ศ.` இருந்தால் புத்த ஆண்டு, கழியுங்கள். `ค.ศ.` இருந்தால் கிறிஸ்து ஆண்டு, தொடாதீர்கள். இரண்டும் இல்லை, நான்கு இலக்கம் இருக்கிறது என்றால் 24, 25 தொடக்கமா 19, 20 தொடக்கமா என்று பார்த்தாலே போதும். மருத்துவமனைச் சீட்டில் 12/03/24 என்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அங்கே 24-க்கு முன்னால் 25 போட்டால் 1981 ஆகிவிடும்.

பாங்காக் புதுமுகம்

அக்கா, ரொம்ப நன்றி. குறி இருக்கிறது! கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன், மார்ச்தான். கிழமையும் செவ்வாய். கடைக்காரர் திருத்தித் தருகிறேன் என்கிறார், தனியாகக் காசு கேட்கிறார்.

மொழிபெயர்ப்பு மீனா

அவர் தப்புக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? கொடுக்காதீர்கள். திருத்தும்போது இரண்டு ஆண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள், `18 March B.E. 2567 (2024)` என்று. மூலத்தோடு ஒப்பிடுகிறவர் 2567-ஐப் பார்ப்பார், தூதரகத்தில் இருப்பவர் 2024-ஐப் பார்ப்பார். அப்புறம், தூதரகப் பதிவைப் பிறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி கேட்டு அலைய வேண்டும்.

யாழ் குகன்

எங்கட பக்கம் 2500-ஆவது புத்த ஜயந்தி 1956-இல் கொண்டாடினவை. அப்படிப் பார்த்தால் 544 அல்லவா கழிக்க வேணும்?

மொழிபெயர்ப்பு மீனா

இலங்கைக் கணக்கில் அப்படித்தான் குகன். தாய்லாந்தில் அதே 2500-ஐ 1957-இல் கொண்டாடினார்கள். புத்தர் மறைந்த ஆண்டை இலங்கையில் 1 என்று எண்ணுகிறார்கள், இங்கே அது 0. இலங்கைப் புத்த ஆண்டு வெசாக்கில் மாறும், இங்கே ஜனவரியில். பெயர் ஒன்று, கணக்கு வேறு. தாய்லாந்துத் தாளுக்கு 544 வேண்டாம்.

ராயோங் பொறியாளர்

இது என் பிரச்சினையும்தான். எங்கள் ஆலையில் கருவிகளின் சோதனைச் சான்றுகளை எக்செல்லில் ஏற்றுகிறோம். யாராவது 15/3/67 என்று தட்டினால் எக்செல் அதைத் தானாக 1967 ஆக்கிவிடுகிறது. புதுமுகத்தின் 1967-க்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது. முழுசாக 15/3/2567 என்று போட்டால் 543 வருடம் தள்ளி ஒரு தேதியாக எடுத்துக்கொள்ளும். அதை இப்படி இழுத்துவிடலாம்:

```
=EDATE(A2,-6516)
```

6516 என்பது 543 ஆண்டுகளின் மாதங்கள். சிக்கல் 29/2/2567-இல். 2024 லீப் ஆண்டு, ஆனால் எக்செல்லின் கண்ணுக்கு 2567 லீப் ஆண்டு இல்லை. தேதியாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். மற்ற தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும்போது இது மட்டும் இடப்பக்கம் நிற்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். தலைகீழாக 29/2/2568 என்று தப்பாகத் தட்டினால் சத்தமே போடாமல் ஏற்றுக்கொள்ளும், 2025-இல் அப்படி ஒரு நாளே இல்லை. நாங்கள் இப்போது நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டு, ஆண்டில் மட்டும் கழித்துவிட்டு, பிறகு தேதியாகச் சேர்க்கிறோம்.

சீலோம் ஜெயந்தி

மீனா, 1941-க்குப் பிறகு 543 என்றாயே, அதற்கு முன்னால்? அப்பா இங்கே பிறந்தவர். அவருடைய பழைய பிறப்புத் தாளில் 14 பிப்ரவரி 2482, புதன்கிழமை என்று இருக்கிறது. சொத்து விஷயமாக அதை மொழிபெயர்க்க வேண்டும். கழித்தால் 1939 வருகிறது. ஆனால் அப்பாவை விட ஒரு வயது மூத்த அத்தை 1938 மே மாதம் பிறந்தவர். பிள்ளைகளுக்குள் ஒன்பது மாதம்தானா என்று வீட்டில் ஒரே விவாதம்.

மொழிபெயர்ப்பு மீனா

ஜெயந்தி அக்கா, பாலா அண்ணா சொன்ன 542 உங்களுக்குத்தான் செல்லும். அந்தக் காலத்தில் இங்கே சர்க்கார் ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிந்தது. 2482 தொடங்கியது 1939 ஏப்ரலில். அந்த ஆண்டின் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கடைசியில் வரும், அதாவது 1940-இல். ஆக அப்பா பிறந்தது 14 பிப்ரவரி 1940. கிழமையைச் சரிபாருங்கள்: 1940-இல் அது புதன், 1939-இல் செவ்வாய். தாளில் புதன் இருக்கிறது. அத்தைக்கும் அவருக்கும் இருபத்தொரு மாதம், விவாதம் தீர்ந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு 2483 ஒன்பது மாதம்தான். ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடித்துவிட்டு, 1941 ஜனவரி 1-ஐ 2484 ஆக்கிவிட்டார்கள். அதனால் அந்தக் காலத்துத் தாளில் 2483 பிப்ரவரி என்று ஒரு தேதியே இருக்க முடியாது. பின்னால் எடுத்த நகலில் அப்படிப் பார்த்தால், யாரோ 1940-உடன் 543-ஐக் கூட்டி எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

சீலோம் ஜெயந்தி

அது சரி, ஆனால் அப்பாவின் அடையாள அட்டையில் ஆங்கில வரியில் 1939 என்று அச்சாகியிருக்கிறதே. இறப்புச் சான்றின் மொழிபெயர்ப்பிலும் 1939.

மொழிபெயர்ப்பு மீனா

கணினி எல்லாருக்கும் ஒரே மாதிரி 543-ஐக் கழித்ததால் வந்தது. பிறப்புத் தாளை 1940 என்றே மொழிபெயர்த்து, அடியில் ஒரு குறிப்பு போடுவேன்: மூலத்தில் 2482, அக்கால ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது, கிழமை 1940-உடன் பொருந்துகிறது என்று. அட்டையை மொழிபெயர்க்கும்போது அதில் உள்ள 1939-ஐத் தொட மாட்டேன். அட்டையைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை.

பட்டாயா பாலா

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாத் தாளிலும் 1939 இருக்கும்போது ஒன்றில் மட்டும் 1940 போட்டால், இரண்டும் ஒரே ஆள்தானா என்று வக்கீல் கேட்பார். எல்லாம் ஒன்றாக இருப்பதுதான் காரியத்துக்கு உதவும்.

மொழிபெயர்ப்பு மீனா

கேட்பார் அண்ணா, அதற்காகத்தான் குறிப்பு. நாம் 1939 என்று எழுதிவிட்டு, எதிர்த்தரப்பு கிழமையைக் காட்டிக் கேட்டால் என்ன சொல்வது? ஜெயந்தி அக்கா, மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன் உங்கள் வக்கீலிடம் இரண்டு தேதியையும் காட்டிவிடுங்கள். ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

சீலோம் ஜெயந்தி

திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். அத்தையின் தாளையும் எடுத்துப் போகிறேன், அதில் மே 2481 என்று இருக்கிறது.

மொழிபெயர்ப்பு மீனா

மே என்றால் 543-தான் அக்கா. 1938, நீங்கள் சொன்னது சரி.