ஒரே முறுக்கு வீடியோ, மூன்று வாரம்: மாற்றவா, விடவா?

சிப்புட் முறுக்கு: சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். 8ஆம் தேதியிலிருந்து 28 வரை ஒரே வீடியோவை ஃபேஸ்புக்கில் நாளுக்கு 30 வெள்ளி போட்டு ஓட்டினேன். டவுனைச் சுற்றி 15 கிலோமீட்டர், தமிழ் தெரிந்தவர்கள் மட்டும். முதல் வாரம் வாட்ஸ்அப்பில் 70 பேர் விலை கேட்டார்கள், மூன்றாவது வாரம் 30 பேர்தான். ஒருத்தருக்கு எத்தனை தடவை காட்டியது என்கிற பிரீக்வென்சி 5.4 என்று காட்டுகிறது. வீடியோவை மாற்ற வேண்டுமா?

பிடோர் கேமரா: 3-ஐத் தாண்டினாலே வீடியோ செத்த மாதிரிதான் அக்கா. புதுசாக எடுங்கள். வேண்டுமானால் நானே வந்து எடுத்துத் தருகிறேன்.

டியூஷன் மாஸ்டர்: அப்படிச் சொல்ல முடியாது. என் டியூஷன் விளம்பரம் 9 வரைக்கும் போனது, அதற்கப்புறம்தான் பெற்றோர்கள் வந்து சேர்த்தார்கள். நாலு தடவை பார்த்தால்தான் நம்பிக்கை வரும். விட்டுவிடுங்கள்.

கிராணி மகன்: மாஸ்டர், பிள்ளையை டியூஷனில் சேர்க்க வீட்டில் ஒரு மாதம் யோசிப்பார்கள். முறுக்கு வாங்க யாரும் யோசிப்பதில்லை. கேமரா சொல்கிற 3-ம் சட்டமில்லை. 5.4 என்பது சராசரி. ஒருத்தர் ஒரு தடவை பார்த்திருப்பார், இன்னொருத்தர் பதினைந்து தடவை பார்த்துச் சலித்திருப்பார். அக்கா, வாரவாரியாக எத்தனை தடவை காட்டியது, எத்தனை பேர் பார்த்தார்கள், 3 விநாடி பார்த்தது எத்தனை, 15 விநாடி பார்த்தது எத்தனை என்று எடுத்துப் போடுங்கள்.

சிப்புட் முறுக்கு: முதல் வாரம் 17,500 தடவை, 7,000 பேர். 3 விநாடி 5,250, 15 விநாடி 1,050. மூன்றாவது வாரம் 17,000 தடவை, 5,000 பேர். 3 விநாடி 3,060, 15 விநாடி 612. மூன்று வாரமும் சேர்த்துப் பார்த்தவர்கள் 9,600 பேர். இரண்டாவது வாரக் கடைசியில் அது 9,000.

கிராணி மகன்: கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மூன்றாவது வாரம் 5,000 பேருக்குக் காட்டியதில் புது ஆள் 600 பேர்தான். மற்ற எல்லாரும் ஏற்கெனவே பார்த்தவர்கள். 15 கிலோமீட்டருக்குள் ஆள் தீர்ந்துவிட்டது. காட்டும் செலவோ ஏறவில்லை, ஆயிரம் தடவைக்கு இரண்டு வாரமும் 12 வெள்ளி சுமார்தான். அது ஏறியிருந்தால் மற்ற கடைகளின் போட்டி என்று சொல்லலாம், இங்கே அது இல்லை.

தோட்டத்து ராஜா: எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். தோட்டத்தில் 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டுவிடுவார்கள். அக்கா ஆரம்பித்ததே 8ஆம் தேதி. கடைசி வாரம் எவன் கையில் காசு இருக்கும்? வீடியோ மேல் ஏன் பழி?

கிராணி மகன்: நல்ல கேள்வி. கேட்டவர்கள் குறைந்ததற்குச் சம்பளமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காசில்லாதவனும் வீடியோவை நின்று பார்ப்பான். இங்கே நின்று பார்ப்பதே 100-க்கு 30-லிருந்து 18 ஆகிவிட்டது. அது சலிப்பு. அதே நேரம், 3 விநாடி தாண்டியவர்களில் 15 விநாடி வரை இருந்தவர்கள் இரண்டு வாரமும் ஐந்தில் ஒருவர்தான், அது மாறவே இல்லை. ஆக உள்ளே இருக்கிற சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆரம்பம்தான் பழகிவிட்டது. முழு வீடியோவும் புதுசாக வேண்டாம். இப்போது எதில் ஆரம்பிக்கிறது?

சிப்புட் முறுக்கு: கடைப் பெயரும் விநாயகர் படமும்.

கிராணி மகன்: பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார், கடைசிக்கு நகர்த்துங்கள். மாவு எண்ணெயில் விழுகிற சத்தத்தோடு ஒன்று, உடைத்துக் கடிப்பதில் ஒன்று. பின்பகுதி பழையதே இருக்கட்டும். பழைய விளம்பரத்தைத் திருத்தாமல் பக்கத்தில் புது விளம்பரமாகப் போடுங்கள், பழையதன் எண்கள் ஒப்பிட அப்படியே இருக்கும்.

பிடோர் கேமரா: புதுசு சேர்த்தால் யாருக்குக் காட்டுவது என்று ஃபேஸ்புக் மறுபடி முதலிலிருந்து கற்க ஆரம்பிக்குமே? அதனால்தான் அடிக்கடி மாற்றாதே என்கிறார்கள்.

கிராணி மகன்: உண்மைதான். ஆனால் அந்தக் கற்றல் முடிய வாரத்துக்கு 50 பேர் சுமார் கேட்க வேண்டும். 30-க்கு வந்த பிறகு இழக்க என்ன இருக்கிறது? 70 இருந்தபோது கை வைத்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

டியூஷன் மாஸ்டர்: வீடியோவை விடுங்கள், ஈப்போ வரைக்கும் காட்டினால் புது ஆள் கிடைப்பார்களே.

சிப்புட் முறுக்கு: ஈப்போவுக்கு யார் கொண்டு போய்க் கொடுப்பது மாஸ்டர்? என்னிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள்.

தோட்டத்து ராஜா: நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. புது வீடியோவையும் 8ஆம் தேதி போட்டால் அதுவும் ஓடத்தான் செய்யும். எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

கிராணி மகன்: அதற்காகத்தான் இப்போதே, சம்பளத்துக்கு முன்னாலேயே போடச் சொல்கிறேன். நாலு நாள் 3 விநாடிக் கணக்கை மட்டும் பாருங்கள், விற்பனையைப் பார்க்காதீர்கள். 18 என்பது 25 பக்கம் வந்தால் ஆரம்பம்தான் கோளாறு. வராவிட்டால் ராஜா சொல்வது சரியாகவும் இருக்கலாம், இல்லை ஊருக்கே முறுக்கு அலுத்திருக்கலாம்.

சிப்புட் முறுக்கு: இன்று சாயங்காலம் எண்ணெய்ச் சட்டி வைக்கும்போது போனில் எடுக்கிறேன். கேமரா தம்பி, மன்னிக்கவும்.