புதுப்பிப்பு: பிழையான தொகையோடு போன வாராந்த அறிக்கை

அன்று கேட்டது: "கொழும்பு வாடிக்கையாளருக்குப் போன வாராந்த அரிசி அறிக்கையில் மொத்தம் பிழை. திருத்த மின்னஞ்சலை எப்படி எழுதுவது?"

உதவின எல்லாருக்கும் நன்றி. அனுப்பின மெயிலை 'ரீகோல்' பண்ணச் சொன்ன தம்பி, அது ஒரே நிறுவனத்துக்குள்தான் சரிவரும். வெளியே போனது போனதுதான்.

கைகொடுத்தது கல்முனை அக்கா சொன்ன வழி. முதலில் கோல் எடுத்துச் சொன்னேன். பிறகு, பழைய மெயிலுக்கே எல்லாருக்கும் பதிலாக, தலைப்பில் 'திருத்தம்' சேர்த்து, முதல் வரியிலேயே இப்படி எழுதினேன்: "மொத்தம் 16,900 கிலோ என்றது பிழை, சரியானது 12,400 கிலோ. லொறி வாரியான எடைகளில் மாற்றமில்லை." மன்னிப்பு ஒரே வரி. திருத்திய கோப்புக்குப் புதுப் பெயர்.

காரணம், அக்கரைப்பற்று உப மொத்தம் 4,500 கிலோ இரண்டு தரம் கூட்டுப்பட்டது. முந்திய கிழமைகளிலும் அதே சூத்திரம்தான், அந்த வரி காலியாக இருந்ததால் தெரியவில்லை. இப்போது உப மொத்தம், மொத்தம் இரண்டிலும் `SUBTOTAL(9, …)` போட்டிருக்கிறேன். அது மற்ற SUBTOTAL கலங்களைக் கூட்டாது.

எதிர்பாராதது: பிழையான தொகையை வாடிக்கையாளர் அதற்குள் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டார். களஞ்சியக்காரர் எங்கள் மெயில் பட்டியலில் இல்லை. கோலில் "இதை வேறு யாருக்கும் அனுப்பினீங்களா?" என்று கேட்டதால்தான் தெரிந்தது. கூடுதலாக ஒதுக்கின இடத்துக்கு யார் வாடகை கட்டுவது என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.