'பட்டை வரைபடம்' ஒன்பது வயதுக்கு ஒத்துவருமா? (வெள்ளிக்குள் முடிவு வேண்டும்)

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். நான்காம் வகுப்புக் கணக்குப் பயிற்சித்தாள் ஒன்று, நான்கு பக்கம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. "இன்று காலை பள்ளிக்கு எப்படி வந்தாய்?" என்று பிள்ளைகளே வகுப்பில் கேட்டு, எண்ணி, படமாக வரைய வேண்டும். பாடநூலில் இருப்பது 'பட்டை வரைபடம்'. சிக்கல் பின்பாதியில்தான். சமூக அறிவியல் பாடத்தில் வரைபடம் என்றால் ஊர், ஆறு, எல்லை. "பள்ளிக்கு வருவதைப் பற்றி வரைபடம் வரைக" என்று கொடுத்துப் பார்த்தபோது, சில பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வழி போட்டு நடுவில் கோயிலும் தண்ணீர்த் தொட்டியும் வரைந்துவிட்டார்கள். வேறு சொல் தாருங்கள்.

செங்குட்டுவன்:

அம்மா, 'பட்டை'யும் வேண்டாம். மரப்பட்டை, விபூதிப் பட்டை, மசாலாப் பட்டை எல்லாம் ஒன்றின்மேல் ஒட்டிக் கிடப்பவை. நிமிர்ந்து நிற்பதற்குத் தமிழில் தூண் இருக்கிறது. "சிற்றில் நற்றூண் பற்றி" என்று புறநானூறு 86 தொடங்குகிறது. குறள் 615-இல் "துன்பம் துடைத்தூன்றும் தூண்" என்று வருவதைக் கவனியுங்கள். தூணின் இயல்பே ஊன்றி நிற்பது. உங்கள் படத்திலும் ஒவ்வொன்றும் அடிக்கோட்டில் ஊன்றித்தானே நிற்க வேண்டும்? 'தூண்படம்' என்று வையுங்கள்.

தமிழினியன்:

ஐயா, தூணால் ஆன படம் என்று விரித்தால் அது வேற்றுமை. "ணன வல்லினம் வரட் டறவும்" என்ற நன்னூல் விதிப்படி 'தூட்படம்' ஆகிவிடாதா? மண் + குடம் = மட்குடம் போல.

செங்குட்டுவன்:

மண்பானை என்று ஊரே சொல்கிறது, யாரும் மட்பானை என்பதில்லை. தூணாகிய படம் என்று விரித்துப் பாருங்கள், அல்வழி, இயல்பாகவே நிற்கும்.

இளங்கோ:

விரிதாள் மென்பொருளைத் தமிழாக்கும்போது எங்களுக்கும் இதே தலைவலி. பட்டியலில் `Column` என்றும் `Bar` என்றும் இரண்டு இருக்கின்றன. முதலாவது நிற்பது, இரண்டாவது படுத்திருப்பது. நிற்பதற்குத் தூண் பொருந்துகிறது, படுத்த தூணுக்கு என்ன பெயர் வைப்பது? இரண்டுக்கும் இங்கேயே முடிவு சொன்னால் எங்கள் கோப்பிலும் போட்டுவிடுவேன். இன்னொன்று, தூண்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஒட்டி வரையச் சொல்லுங்கள், அதுதான் முறை.

மீனாட்சி:

இளங்கோ தம்பி, ஒட்டி வரைவது வேறு படம். உயரம் 120 முதல் 125 செ.மீ., 125 முதல் 130 செ.மீ. என்று அளவு தொடர்ச்சியாகப் போகும்போதுதான் இடைவெளி இருக்காது. நடை, சைக்கிள், பஸ் என்பவற்றுக்குள் முன்பின் கிடையாது. பஸ்ஸை முதலில் வைத்தாலும் படம் மாறாது. ஆகவே இடைவெளி வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே அளவாக வேண்டும்.

கயல், பெயரைவிட எனக்குக் கவலை தாளின் இரண்டாம் பக்கம். 32 பிள்ளைகள் இருக்கிற வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். நடை 11, சைக்கிள் 4, பஸ் 6, வேனும் ஆட்டோவும் 8, பைக் 3. கையைத் தூக்கச் சொல்லி எண்ணினால் கூட்டுத்தொகை 35 வரும். கொஞ்ச தூரம் நடந்து பிறகு பஸ் ஏறுகிறவள் இரண்டுக்கும் கை தூக்குவாள். அதனால் "அதிக தூரம் எதில் வந்தாய்?" என்று கேட்டு, ஆளுக்கு ஒரே ஒரு சதுரத் தாள் கொடுத்துவிடுங்கள். தாளை ஒட்டிவிட்டால் கை காலி.

அந்தத் தாள்கள் எல்லாம் 5 செ.மீ. சதுரமாக இருக்க வேண்டும். 11 பேருக்கு 55 செ.மீ., பெரிய சார்ட்டில் தாராளமாக அடங்கும். ஒட்டும்போது ஒன்றன்மேல் ஒன்று இடிக்க ஒட்டச் சொல்லுங்கள். வேன் வரிசையில் ஒருவன் விரல்விட்டு விரல்விட்டு ஒட்டினால் எட்டுத் தாள், ஒன்பதைத் தாண்டிப் போய்விடும். பிள்ளைகள் எண்ணமாட்டார்கள், உயரத்தைத்தான் பார்ப்பார்கள். செங்குட்டுவன் ஐயா சொன்ன 'ஊன்றி' இங்கேதான் வேலை செய்கிறது: அடிக்கோட்டை முதலிலேயே தடித்த பேனாவால் போட்டுவிடுங்கள்.

நோட்டுக்கு மாறும்போது ஒரு கட்டம் ஒரு பிள்ளை. இரண்டு பிள்ளைக்கு ஒரு கட்டம் என்றால் 11-க்கு ஐந்தரைக் கட்டம், முதல் நாளிலேயே அது வேண்டாம். எண்ணைக் கட்டத்துக்குள் எழுதாமல் கோட்டுக்கு நேராக எழுத வேண்டும், அடிக்கோட்டுக்கு நேரே 0. கட்டத்துக்குள் எழுதிப் பழகியவன் அடுத்த வகுப்பில் அரைக்கட்டம் வரும்போது எதுவும் புரியாமல் நிற்பான்.

மாறன்:

சைக்கிள், பஸ், வேன், பைக். தமிழ்ப் பயிற்சித்தாளில் இத்தனையுமா? மிதிவண்டி, பேருந்து, கூடுந்து, தானி, இருசக்கர வாகனம் என்று போடுங்கள். ஒன்பது வயதில் பழகாவிட்டால் பிறகு எப்போது?

சிவகாமி (யாழ்ப்பாணம்):

இலங்கையில் நாங்கள் சலாகை வரைபு என்றுதான் படித்தோம். வரைபு வேறு, வரைபடம் வேறு, ஆகவே கயல் சொன்ன குழப்பம் இங்கே இல்லை. மாறன் அண்ணா, சைக்கிளை எங்கள் புத்தகங்களில் துவிச்சக்கர வண்டி என்பார்கள். அதைக் கொஞ்சம் தமிழாக்கினால் உங்கள் 'இருசக்கர வாகனம்'. எங்கள் பிள்ளைக்கு அது சைக்கிள், உங்கள் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள்.

மீனாட்சி:

சிவகாமி சொன்னதுதான் இங்கேயும் நடக்கும். சீட்டில் மிதிவண்டி, இருசக்கர வாகனம் இரண்டும் இருந்தால், சைக்கிளில் வருகிறவன் சக்கரத்தை எண்ணிப் பார்த்து இரண்டாவதில் குறிப்பான். மேலே சொன்ன கணக்கில் அப்படி மூன்று பேர் மாறினால் மிதிவண்டி 1, இருசக்கரம் 6. மொத்தம் அப்போதும் 32. கைதூக்கலில் வரும் பிழையைக் கூட்டிப் பார்த்தே பிடித்துவிடலாம், இந்தப் பிழை கூட்டலில் சிக்காது. ஒவ்வொரு வரிசையாக எழுந்து நிற்கச் சொல்லி "உன் வண்டிக்குப் பெட்ரோல் போடுவார்களா?" என்று கேட்டால்தான் தெரியும். பேருந்து, மிதிவண்டி எனக்குச் சம்மதம், பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கள். பைக் பைக்காகவே இருக்கட்டும்.

மாறன்:

பேருந்தும் ஒரு நாள் புதுச்சொல்தான். இதை என் மறுப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழினியன்:

தலைப்புக்கு வருவோம். 'பட்டைப்படம்' என்றால் ப் மிகும், சண்டை இல்லை. நின்றாலும் படுத்தாலும் பட்டைதான், இளங்கோவுக்கும் உதவும்.

கயல்விழி:

இந்தத் தாளுக்குப் பட்டைப்படம். பாடநூல் சொல்லிலிருந்து பாதி அப்படியே இருப்பதால் ஆசிரியர்களும் தடுமாறமாட்டார்கள். சீட்டில் நடை, மிதிவண்டி, பேருந்து, வேன் அல்லது ஆட்டோ, பைக் என்று போடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னப் படம். கடைசிக் கேள்வி "நடந்து வருவோர் பேருந்தில் வருவோரைவிட எத்தனை பேர் அதிகம்?" இது சரியா?

மீனாட்சி:

சரிதான். ஆனால் பலர் 11 என்று எழுதுவார்கள். 'அதிகம்' என்றதும் உயரமான பட்டையைப் படித்துவிடுவார்கள். இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஆறாவது கட்டத்துக்கு நேரே ஒரு கோடு போடச் சொல்லுங்கள், மேலே நிற்கிற ஐந்து கட்டம் தெரியும். இன்னொரு கேள்வியும் சேருங்கள்: "நடைப் பட்டை உயரமாக இருப்பதால், நடந்து வருவோர் வீடுதான் தூரமா?" ஆமாம் என்று சொல்லும் பிள்ளை பட்டையைத் தூரமாகவோ நேரமாகவோ பார்க்கிறது, ஆட்களின் எண்ணிக்கையாகப் பார்க்கவில்லை.

செங்குட்டுவன்:

பட்டைப்படம் போகட்டும். ஆனால் "அடிக்கோட்டில் ஊன்றி நிற்கும்படி ஒட்டுக" என்ற வரியையாவது சேருங்கள். படுத்த தூணுக்கு உத்தரம் என்று பெயர் உண்டு, இளங்கோ அதைப் பார்க்கட்டும்.

சிவகாமி:

எங்கள் பிரதிக்குச் சலாகை வரைபு என்றே மாற்றித் தர முடியுமா, கயல் அக்கா? இல்லையென்றால் ஐந்தாம் வகுப்பில் பிள்ளை திரும்பவும் வேறு சொல் படிக்க வேண்டியிருக்கும்.