ஓநாய் நாயானதற்குக் கலைச்சொல்: ‘மனைப்படுத்தல்’ சரியா, ‘மனைப்படுதல்’ சரியா?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்கு, ஓநாய் எப்படி நாயானது என்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். டொமெஸ்டிகேஷன் என்பதற்கு என்ன சொல் போடுவது என்று புரியவில்லை. ‘பழக்குதல்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் அது அந்த ஒரு விலங்கோடு முடிந்துவிடுகிறது. காட்டில் பிடித்த யானையைக் கும்கியாகப் பழக்கலாம், அதற்குப் பிறக்கும் கன்றை மறுபடி முதலிலிருந்துதான் பழக்க வேண்டும். நாயின் கதை அப்படியில்லை, தலைமுறை தலைமுறையாக விலங்கே மாறியிருக்கிறது. அதனால் ‘மனைப்படுத்தல்’ என்று வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்:

“சுமார் 36,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் ஓநாயை மனைப்படுத்திவிட்டனர். பெல்ஜியத்தின் கோயே குகையில் கிடைத்த மண்டையோடு இதற்குச் சான்று.”

சொல் பொருந்துகிறதா? வேறு இருந்தால் சொல்லுங்கள்.

சிவராமன் எழுதியது:

அன்புள்ள மலர்விழி, ‘மனை’ நல்ல வேர். ஆனால் விகுதியில் கவனம் வேண்டும். ‘படுத்தல்’ பிறவினை. செய்தவர் மனிதர், ஓநாய் வெறும் செயப்படுபொருள் என்று ஆகிவிடும். நடந்தது அப்படியல்ல. ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் மிச்சம் மீதி தின்ன வந்த ஓநாய்களில் பயம் குறைந்தவை அங்கேயே தங்கிவிட்டன. தானாக நடந்ததால் தன்வினையாக ‘மனைப்படுதல்’ என்று சொல்வதே முறை. நாய்களுக்கு மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவுக்கு ஓநாயைவிடப் பல நகல்கள் கூடுதலாக இருப்பதை 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்களே. நம் சோற்றைத் தின்றுதான் அது நாயாயிற்று.

நஸ்ரின் எழுதியது:

வணக்கம். அகழாய்வுகளில் கிடைக்கும் விலங்கு எலும்புகளைப் பார்ப்பது என் வேலை, அதனால் சொல்லைவிட அந்த மேற்கோள் வாக்கியம்தான் முதலில் கண்ணில் பட்டது.

கோயே மண்டையோட்டை நாய் என்று சொன்னது அதன் வடிவத்தை வைத்து. மூக்குப் பகுதி ஓநாயைவிடக் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது என்று 2009இல் ஜெர்மான்ப்ரே குழு அளந்து காட்டியது. பிறகு 2013இல் அதே எலும்பிலிருந்து தாய்வழி மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். அது இன்றைய நாய்களின் கிளையிலும் சேரவில்லை, இன்றைய ஓநாய்களின் கிளையிலும் சேரவில்லை, தனியே ஒதுங்கி நின்றது. அது வாரிசில்லாமல் அழிந்துபோன பழைய ஓநாய்க் கூட்டமாக இருக்கலாம். யாரோ நாயாக வளர்க்கத் தொடங்கி, தொடராமல் போன முயற்சியாகவும் இருக்கலாம். தாய்வழி மரபணு ஒரே ஒரு வழியைத்தான் காட்டும் என்பதால் அதை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க முடியாது. “இதற்குச் சான்று” என்று மட்டும் எழுதாதீர்கள்.

எல்லோரும் நாய் என்று ஒத்துக்கொள்வது ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசலில் கிடைத்ததை. 1914இல் கல் குவாரியில் வேலை செய்தவர்கள் கண்ட கல்லறை அது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதைக்கப்பட்டிருந்தார்கள், அவர்களோடு ஒரு நாய்க்குட்டியும் இருந்தது. வயது சுமார் 14,200 ஆண்டுகள். அந்தத் தாடையை முதலில் ஓநாய் என்றே எழுதிவைத்தார்கள். நாய் என்று தெரிந்தது 1970களின் கடைசியில்தான்.

அந்தக் குட்டியின் பற்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எனாமலில் குறுக்கே பள்ளமும் கோடுமாக இருக்கின்றன. நிரந்தரப் பல் உருவாகும் வாரங்களில் குட்டிக்குக் கடும் நோய் வந்தால் எனாமல் படிவது தடைபட்டு இப்படித் தடம் விழும். எந்த வாரத்தில் பல்லின் எந்த உயரம் உருவாகும் என்பது தெரிந்தது என்பதால் நோய் வந்த காலத்தையும் கணக்கிடலாம். 19ஆவது வாரம் தொடங்கி மூன்று முறை நோய் முற்றியிருக்கிறது, குட்டி இறந்தது சுமார் 27, 28 வாரத்தில். பெரும்பாலும் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் என்று 2018இல் ஒரு குழு சொன்னது. அந்த நோய் இந்த அளவுக்கு முற்றினால் யாரும் கவனிக்காத குட்டி இவ்வளவு வாரம் தாங்காது. அந்த நிலையில் அது வேட்டைக்கும் உதவாது, காவலுக்கும் உதவாது. இருந்தும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இறந்ததும் தங்கள் மனிதர்களோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள்.

சிவராமன் ஐயா, குப்பை மேட்டுக் கதைக்கு இந்தக் குட்டியே இடம் தராது. அப்போது ஐரோப்பாவில் ஊர் கிடையாது, வயல் கிடையாது, வேட்டைக்காரர்களின் முகாம்தான். மாவுச்சத்து மரபணு பற்றி நீங்கள் சொன்னது உண்மை, ஆனால் காலம் பின்னாடி. உழவு பரவிய பிறகுதான் அந்த நகல்கள் பெருகின என்று பழைய நாய் எலும்புகளின் மரபணு காட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் டிங்கோவுக்கு இன்றைக்கும் ஓநாயைப் போல இரண்டே நகல்கள்தான், அதுவும் நாய்தானே. முகாமில் மிஞ்சிய இறைச்சியை ஓநாய்க்குப் போட்டிருக்கலாம் என்று 2021இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கருத்தை வைத்தார்கள். கொழுப்பில்லாத இறைச்சியை மனிதன் ஓர் அளவுக்கு மேல் தின்ன முடியாது, பனிக்கால வேட்டையில் அது நிறைய மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். நம்பத்தக்கது, ஆனால் நிறுவப்படாதது.

கதிரேசன் எழுதியது:

வணக்கம். நாங்கள் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறை வளர்க்கிறோம். ஆள் தெரியாமல் ஒருவரையும் கிட்டே விடாது, முயலைக் கண்டால் நிற்காது. இவ்வளவு வேட்டைக் குணம் இருக்கிறதே, இது நம் பக்கத்து ஓநாயிலிருந்து வந்ததுதானே? அப்படியானால் தமிழ்நாட்டிலேயே மனைப்படுத்தினார்கள் என்று கட்டுரையில் சேர்க்கலாமே.

நஸ்ரின் எழுதியது:

கதிரேசன் அண்ணா, அப்படி எழுத ஆதாரம் இல்லை. வேட்டைக் குணம் பின்னால் நாய்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்து வளர்த்ததால் கூர்மையானது. 2022இல் 72 பழங்கால ஓநாய்களின் மரபணுவை ஒப்பிட்டார்கள். நாய்கள் கிழக்கு யூரேசியப் பழைய ஓநாய்களுக்குத்தான் நெருக்கம், சைபீரியா பக்கம். இருந்தாலும் நேர் மூதாதை இதுதான் என்று சொல்லக்கூடிய ஓநாய் அந்த 72இல் ஒன்றுகூட இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. மேற்காசிய, ஆப்பிரிக்க நாய்களில் பாதி வரைக்கும் வேறொரு மேற்கத்திய ஓநாய் மரபு கலந்திருக்கிறது. அங்கே தனியாக இன்னொரு முறை நாய் உருவானதா, அல்லது கிழக்கிலிருந்து வந்த நாய் அங்கிருந்த ஓநாயோடு கலந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை.

மலர்விழி, உங்களுக்கு இரண்டு சொற்கள் தேவைப்படும் என்று தோன்றுகிறது. சைபீரியாவின் டைமிர் பகுதியில் கிடைத்த 35,000 ஆண்டு பழைய ஓநாய் விலா எலும்பை வைத்து, நாயின் முன்னோர் ஓநாய்களிடமிருந்து பிரிந்து குறைந்தது 27,000 ஆண்டுகள் ஆகின்றன என்று 2015இல் கணக்கிட்டார்கள். அது இரண்டு ஓநாய்க் கூட்டங்கள் பிரிந்த காலம். பிரிந்த கூட்டம் பிறகு பல ஆயிரம் ஆண்டு காட்டு ஓநாயாகவே இருந்திருக்கலாம். இதைக் ‘கிளை பிரிதல்’ என்று வையுங்கள். மனிதரோடு சேர்ந்து மாறியதற்கு மட்டும் ‘மனைப்படுதல்’ இருக்கட்டும். செய்திகளில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால் வருகிறது.

சிவராமன் எழுதியது:

காலக் கணக்கைத் திருத்தியதற்கு நன்றி அம்மா. ‘கிளை பிரிதல்’ தெளிவு, ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதை வைத்தே ஒரு தடை. முகாம்தான், ஊரே இல்லை என்றால் ‘மனை’ எங்கிருந்து வந்தது? ‘குடிப்படுதல்’ என்றால் இடத்தை விட்டு மக்களைச் சுட்டும்.

மலர்விழி எழுதியது:

‘குடி’ என்றதும் பிள்ளைகளுக்கு வேறு பொருள்தான் முதலில் தோன்றும் ஐயா. ஆடு, மாடு, கோழிக்கும் பின்னால் இதே சொல் வேண்டும் என்பதால் இப்போதைக்கு ‘மனைப்படுதல்’ என்றே வைக்கிறேன். மனிதர் முனைந்து செய்தது தெரியும் இடத்தில் மட்டும் ‘மனைப்படுத்தல்’. பத்தியை மாற்றிவிட்டேன்:

“நாயின் முன்னோர் மற்ற ஓநாய்களிடமிருந்து கிளை பிரிந்தது 27,000 ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ. மனைப்படுதல் எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. 14,200 ஆண்டுகளுக்கு முன் அது நடந்து முடிந்திருந்தது. ஓபர்காசலில் வாழ்ந்த மக்கள் நோயுற்ற நாய்க்குட்டிக்கு மருந்து கொடுத்துக் காத்தார்கள்.”

கோயே மண்டையோட்டைத் தனிப் பெட்டியில், கேள்விக்குறியோடு போடுகிறேன்.

நஸ்ரின் எழுதியது:

கடைசி வாக்கியத்தில் ‘மருந்து’ வேண்டாம், அதற்கு எலும்பில் எந்தத் தடமும் இல்லை. நீரும் உணவும் கொடுத்து, கதகதப்பாக வைத்திருக்க வேண்டும் என்பதும் நம் ஊகமே. “நோயுற்ற குட்டியைப் பல வாரம் கவனித்திருக்க வேண்டும்” என்பதோடு நிறுத்துங்கள். மற்றதெல்லாம் சரி.