டிக்கெட் ஆப் ஒப்பீடு: கட்டண விவரம் தந்து உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட், தியேட்டரின் சொந்த ஆப் அல்லது தளம், இந்த மூன்றில் ஒரே காட்சிக்கு எதில் குறைவாக ஆகிறது என்று ஒப்பிட உங்கள் ஊர்க் கணக்கு வேண்டும்.

பார்க்க வேண்டியது கன்வீனியன்ஸ் கட்டணம். அது பெரும்பாலும் டிக்கெட்டுக்கு இவ்வளவு என்றுதான் ஏறும். அதன்மேல் 18% ஜிஎஸ்டி. உதாரணமாக ஒரு டிக்கெட்டுக்கு 30 ரூபாய் என்றால் வரியோடு 35.40, நான்கு பேருக்கு 141.60. மலிவான டிக்கெட்டில்தான் இது அதிகம் உறுத்தும். ஆகவே ஒரே தியேட்டர், ஒரே காட்சி, இரண்டு சீட் எடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போய், கட்டண விவரத்தை விரித்துப் பாருங்கள். கூப்பன், நன்கொடை, பாப்கார்ன் எல்லாவற்றையும் நீக்கிய பிறகு வரும் தொகையை எழுதுங்கள். உடனே பின்னால் வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த சீட்டுகள் சில நிமிடம் மற்றவர்களுக்குப் பூட்டியே இருக்கும்.

அடுத்தது சீட் வரைபடம். A வரிசை எல்லாத் தியேட்டரிலும் முன்வரிசை அல்ல, சிலவற்றில் அதுவே கடைசி வரிசை. எழுத்தை நம்பாமல் திரைக்கோடு எந்தப் பக்கம் என்று பாருங்கள். முதல் வரிசைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை வரைபடம் காட்டாது. உட்கார்ந்து பார்த்தவர்கள் தியேட்டர் பெயர், ஸ்கிரீன் எண், கழுத்து வலிக்காத வரிசை, நடைபாதையோ கைப்பிடிக் கம்பியோ மறைக்கும் சீட் எது என்று சொல்லுங்கள்.

பார்க்க வேண்டிய படங்களின் பட்டியலை லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் வைத்திருப்பவர்களே, உங்கள் ஊரில் முன்பதிவு திறந்ததும் எந்த ஆப் முதலில் தகவல் தருகிறது?