கவனம் நிலைக்காத பையனுக்கு எந்த கேம்?

சரோஜா, சாட்ஸ்வொர்த்: அக்கா மகனுக்கு 15 வயசு, ஏடிஹெச்டி. டுடோரியல் முடியறதுக்குள்ள கேமையே மூடிடறான். இருப்பது பழைய லேப்டாப். எதைக் கொடுக்கலாம்?

குமரன்: வேம்பயர் சர்வைவர்ஸ். நகர்வது மட்டும்தான் நம் வேலை, ஆயுதம் தானே சுடும். முதல் நிமிடத்திலேயே லெவல் ஏறும். விளக்கம் படிக்கவே வேண்டாம்.

தேவி: ஆரம்பிக்கச் சுலபம், சரி. ஆனால் முதல் களமே 30 நிமிடம் ஓடும், குமரன். அதைப் பாதியாக்கும் Hurry மோட் ஆரம்பத்தில் கிடைக்காது. வேகமாக நடப்பதும் இலக்கு கிட்டத்தில் இருப்பதும் ஒன்றல்ல. பத்து நிமிடம் போனதும் திரை முழுக்க எண்களும் மின்னலும். எது தன்னால் நடந்தது என்றே பையனுக்குத் தெரியாது. பலாட்ரோ என்ற சீட்டு கேமைக் கொடுத்துப் பாருங்கள், சரோஜா. முதல் இலக்கு 300 புள்ளி. கையில் 8 சீட்டு, 4 தடவை ஆடலாம், ஆரம்பக் கட்டில் 4 தடவை வேண்டாததை மாற்றலாம். ஹார்ட்ஸில் கிங், குயீன், 9, 6, 3 போட்டால் ஐந்தும் ஒரே இனம், அதாவது ஃபிளஷ்: அடிப்படை 35, சீட்டுகளுக்கு 38, ஆக 73. அதை 4 மடங்காக்கினால் 292. எட்டுதான் குறை! அடுத்து இரண்டு 5 போட்டால் 40 வரும், முடிந்தது. ஒவ்வொரு படியும் கண்ணெதிரே ஏறுவதால் எங்கே குறைந்தது என்று அவனுக்கே புரியும்.

முருகேசு: மைன்கிராஃப்ட் வாங்கிக் கொடுங்க தங்கச்சி. என் பேரன் மணிக்கணக்கா அசையாம இருக்கான்.

தேவி: ஐயா, அசையாமல் உட்காரவைப்பது இல்லை கேள்வி. அங்கே இலக்கை அவனேதான் தேட வேண்டும். இவனுக்கு அதுதான் சிக்கல்.

குமரன்: போக்கர் சீட்டு, 15 வயசுப் பையனுக்கா? அதற்கு 18 என்று போட்டிருந்தார்கள்.

தேவி: ஐரோப்பிய மதிப்பீட்டில் அப்படி இருந்தது. 2025 பிப்ரவரியில் 12 ஆக்கிவிட்டார்கள். பணயம் கிடையாது, உள்ளே நிஜப் பணத்துக்கு எதுவும் விற்பதில்லை. அவன் தடுக்கி விழப்போவது வேறு இடம்: ஒவ்வொரு இலக்குக்குப் பிறகும் வரும் கடை. அங்கே விற்கும் ஜோக்கர் சீட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வரி படிக்க வேண்டும். கடையில் மௌஸ் அலைந்துகொண்டே இருந்தால் சலிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் சில ஆட்டங்களில் "ஒரு ஜோக்கர் வாங்கு, வெளியே வா" என்று வைத்துக்கொள்ளுங்கள். Game Speed-ஐ 4 ஆக்கினால் எண் ஏறும் காத்திருப்பும் குறையும்.

சரோஜா: லோட் ஷெடிங்கில் கரண்ட் போய்விட்டால்? பேட்டரி ஐந்து நிமிடம்கூட நிற்காது.

தேவி: திரும்பத் திறந்து Continue அழுத்துங்கள், ஆட்டம் அங்கேயே காத்திருக்கும்.

குமரன்: வேம்பயரில் பாதியில் விட்டாலும் சேர்த்த தங்கம் கையோடு வருமே. படிக்கவே பிடிக்காத பையன் என்றால் நான் இன்னும் அதைத்தான் சொல்வேன்.

தேவி: படிக்கவே பிடிக்காதென்றால்... அங்கே உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சரோஜா, அவன் எந்த வரியில் மூடுகிறான் என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.