211-ல் தேடினேன், சாட்டிலைட் 238-ல் இருந்தது: டிஷ் திருப்பிய அனுபவங்களைப் பகிருங்கள்

ஆயர் ஈத்தாம் குமரன்

போன மாதம் பினாங்கில் வீடு மாறினோம். பழைய வீட்டு டிஷ்ஷை நானே கழற்றி, புதிய ப்ளாட்டின் 14-ஆம் மாடியில் நானே மாட்டினேன். ஆள் கூப்பிட்டால் காசு என்பது ஒரு காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆசைதான் பெரிய காரணம்.

டிவி சேனல்கள் வரும் மீசாட் சாட்டிலைட் 91.5 பாகை கிழக்கில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. ஆகவே போக வேண்டிய புள்ளி அட்சரேகை 0, தீர்க்கரேகை 91.5. என் வீடு ஏறக்குறைய 5.40 வடக்கு, 100.28 கிழக்கு. ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குக் கிளம்பும்போது எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்கிற சூத்திரத்தை எக்செல்லில் போட்டேன். முதலில் 58.6 வந்தது. அது வடகிழக்கு, பட்டர்வொர்த் பக்கம்! சாட்டிலைட் எனக்குத் தென்மேற்கில் இருப்பது தெரிந்ததால் அந்தத் தப்பு உடனே பிடிபட்டது. ATAN என்று போட்டதை ATAN2 ஆக மாற்றினேன். 211.4 வந்தது. தென்மேற்குதானே, சரி என்று நம்பிவிட்டேன்.

இரண்டு சனிக்கிழமைகள் போயின. டிஷ் மேல்நோக்கிப் பார்க்கும் ஏற்றக் கோணத்தை 70-லிருந்து 85 வரை நகர்த்திப் பார்த்தும் சிக்னல் பட்டை அசையவே இல்லை. டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி செத்துவிட்டது என்று புதிதாக ஒன்றும் வாங்கினேன். பழையது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

ஜெலுத்தோங் ஜெயா

தம்பி, இதற்கெல்லாம் கணக்கு எதற்கு? பக்கத்து ப்ளாக்கில் பத்து டிஷ் தொங்குமே, அதே பக்கம் திருப்ப வேண்டியதுதான். கணக்குதான் வேண்டும் என்றால் நேர்க்கோடாகவே போடலாம். மேற்கே 8.78 பாகை, தெற்கே 5.40 பாகை. ஒன்றை மற்றதால் வகுத்துக் கோணம் எடுத்தால் 58.4, அதோடு 180 கூட்டினால் 238.4. நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன். பூமி உருண்டை என்பதெல்லாம் நமக்கு வேண்டாம்.

பட்டர்வொர்த் பழைய கை

முப்பது வருடம் மைக்ரோவேவ் கோபுரங்களில் ஏறி இறங்கியவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமரன், உங்கள் சூத்திரத்தில் தப்பில்லை. எக்செல்லின் ATAN2 முதலில் x, பிறகு y கேட்கும். பைத்தானிலும் மற்ற பல மொழிகளிலும் முதலில் y. இணையத்தில் கிடைக்கிற சூத்திரத்தை அப்படியே எக்செல்லில் தட்டினால் இரண்டும் இடம் மாறிவிடும். வீட்டின் அட்ச, தீர்க்க ரேகைகளை B1, B2-லும், போகும் இடத்துடையதை B3, B4-லும் ரேடியனில் வைத்துக்கொண்டு இப்படிப் போடுங்கள்:

```
=MOD(DEGREES(ATAN2(
 COS(B1)*SIN(B3)-SIN(B1)*COS(B3)*COS(B4-B2),
 SIN(B4-B2)*COS(B3))),360)
```

238.6 வரும். இடம் மாற்றிப் போட்டால் 90-லிருந்து சரியான விடையைக் கழித்தது வரும். 90 கழித்தல் 238.6, அதோடு 360 கூட்டினால் உங்கள் 211.4. 225-க்குப் பக்கத்தில் உள்ள திசைகளில் இந்தத் தப்பு ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் இரண்டு விடையும் தென்மேற்கிலேயே விழும். விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கொடுத்துப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். வீட்டை 0, 100 என்றும் போகும் இடத்தை 0, 110 என்றும் வையுங்கள். நேர் கிழக்கு, 90 வர வேண்டும். உங்கள் பழைய தாள் 0 காட்டும்.

இன்னொன்று. நம் ஊரில் ஏற்றக் கோணம் 78-க்குச் சற்றுக் குறைவு, கிட்டத்தட்ட தலைக்கு மேலே. அதனால் திசையில் 5 பாகை தப்பினாலும் வானத்தில் விலகுவது ஒரு பாகைதான், 60 சென்டிமீட்டர் டிஷ் அதைத் தாங்கிவிடும். உங்கள் 27 பாகை தப்பு வானத்தில் 5.7 பாகை ஆகிவிட்டது. அவ்வளவு விலகினால் எந்த எல்என்பியும் என்ன செய்யும்?

ஜெயா சொன்ன நேர்க்கோடு இங்கே பலித்ததற்குக் காரணம், நாமும் பூமத்திய ரேகைக்கு அருகில், இலக்கும் அருகில். தூரம் கூடினால் அது கைவிட்டுவிடும்.

செந்தூல் நூர்ஜஹான்

கைவிட்ட கதை என்னிடம் இருக்கிறது. எங்களுக்கு டிஷ் இல்லை, மக்காவை நோக்கித் தொழும் திசையான கிப்லா. கோலாலம்பூரில் புது வீட்டில் தொழுகை அறைக்குத் தரையில் கோடு போட, என் தம்பி ஜெயா அண்ணன் மாதிரியே நேர்க்கோட்டுக் கணக்குப் போட்டு 286.5 என்றான். மக்கா 21.42 வடக்கு, 39.83 கிழக்கு. எங்கள் பள்ளிவாசலில் காட்டும் திசையோ 292.5. ஆறு பாகை வித்தியாசம். மேற்கே 62 பாகை போகிற பயணத்தில் உருண்டையை மறக்க முடியாது போல.

காம்பஸ் வைத்துப் பார்த்தால் அறையின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு எண் சொன்னது. கடைசியில் அத்தா சொன்ன வழிதான். மே 28 மாலை 5.16 வாக்கில் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் இருக்கும். ஜன்னல் ஓரம் ஒரு கம்பை நட்டோம். நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியைப் பார்த்தால் அதுதான் கிப்லா. மழை வந்தால் அடுத்த வாய்ப்பு ஜூலை 16, மாலை 5.28 வாக்கில். அந்தக் கோடு 292.5-உடன் ஒத்துப்போனது. தம்பி இன்னும் வரைபடத்தில் அளவுகோல் வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறான்.

கிள்ளான் ரவி

எனக்கும் இதே பிரச்சினை. மழை வந்தாலே படம் நின்றுவிடுகிறது. இந்தச் சூத்திரத்தைப் போட்டால் சரியாகுமா?

பட்டர்வொர்த் பழைய கை

ரவி, வெயிலில் படம் வருகிறது என்றால் உங்கள் திசை ஓரளவு சரிதான். டிஷ்ஷுக்குச் சிக்னல் வரும் கு-அலைவரிசையைக் கனமழை தின்றுவிடும். விளிம்பில் பிடித்திருந்தால் சிறு தூறலுக்கே போகும், அதனால் சிக்னல் தரம் உச்சத்துக்கு வரும்வரை ஒருமுறை மெல்ல அசைத்துப் பாருங்கள். அதற்கு மேல் மழையிடம்தான் கேட்க வேண்டும்.

நூர்ஜஹான், காம்பஸ் குழப்பத்துக்குச் சுவர்க் கம்பிகளும் இரும்பு கிரில்லும்தான் காரணம். காந்த வடக்கும் உண்மை வடக்கும் இங்கே ஏறக்குறைய ஒன்றே, அதைத் திருத்த வேண்டியதில்லை.

ஆயர் ஈத்தாம் குமரன்

அண்ணே, அந்த 90 சோதனையைப் போட்டேன். என் பழைய தாள் 0 தான் காட்டியது. சிரிப்பும் வந்தது, எல்என்பிக்குக் கொடுத்த காசும் ஞாபகம் வந்தது.

கிரில் பக்கம் காம்பஸை நம்ப மனம் வரவில்லை. அதே சூத்திரத்தில் கொம்தார் கோபுரத்தின் 5.4147, 100.3295-ஐப் போட்டேன், வீட்டிலிருந்து 73.4. கொம்தாருக்கு நேர் முதுகைக் காட்டி நின்றால் முகம் 253.4-ஐப் பார்க்கும். 238.6-க்கு அங்கிருந்து இடப்பக்கம் 15 பாகை. கையை நீட்டினால் ஒரு முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை என்பார்கள், ஒன்றரை முஷ்டி நகர்ந்தேன். இரண்டு பக்கமும் திறந்த மாடிப்படி ஓரத்தில் நின்று செய்தேன், அந்தத் திசையில் மலைமேல் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டேன். டிஷ்ஷை அந்த மரத்தின் பக்கம் திருப்பி, ஏற்றத்தை 78-ல் வைத்தபோது பட்டை எழுந்தது.

மிச்சம் ஒரு தொல்லை. 78 பாகை என்றால் மேல்மாடி பால்கனியின் தளம் பாதியை மறைக்கிறது. கம்பியை வெளியே நீட்டினால்தான் முழுச் சிக்னல். வெளியே எதுவும் தொங்கக் கூடாது என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். ஆனால் எதிர் ப்ளாக்கில் பத்து தொங்குகிறது. யாராவது இதைப் பேசித் தீர்த்திருக்கிறீர்களா?

ஜெலுத்தோங் ஜெயா

பத்து டிஷ் என்று நான் அப்போதே சொன்னேனே தம்பி.